ஒரு கிலோ மாங்காய்க்கு உப்பு, வத்தல் பொடி, எண்ணெய்

"நான் தென்காசிப் பக்கம். ஒரு கிலோ மாங்காய்க்கு எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் எவ்வளவு போடணும்? ஒவ்வொருத்தரும் ஒரு கணக்கு சொல்றாங்க. போன வருஷம் போட்டது ஆடி பிறக்குறதுக்கு முன்னாடியே பூத்துப்போச்சு."

வெட்டிய துண்டு 1 கிலோவுக்குக் கல் உப்பு 150 கிராம், வத்தல் பொடி 100 கிராம், நல்லெண்ணெய் 300 மில்லி. இது உப்பில் ஊறவைத்து, வெயிலில் வாட்டி, அப்புறம் பொடியும் எண்ணெயும் சேர்க்கிற வெட்டு மாங்காய்க்கான கணக்கு. ஒரு வருஷம் வெளியில் வைத்துச் சாப்பிடலாம். வெயிலில் வைக்க வழியில்லை என்றால் உப்பை மட்டும் 180 கிராம் ஆக்குங்கள். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே 22 வருஷமாக ஊறுகாய் போட்டுக் கொடுத்து வருகிறேன். அதற்கு முன்னால் ஆச்சிக்குக் கூடமாட நின்று கற்றுக்கொண்டது. இந்த மூன்று அளவில் உப்பு மட்டும்தான் கறாரானது. வத்தல் பொடி அவரவர் நாக்கைப் பொறுத்தது. எண்ணெய் அந்தப் பொடியையும், நீங்கள் எடுக்கிற ஜாடியையும் பொறுத்தது. ஆளுக்கொரு கணக்கு சொல்வதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, 'ஒரு கிலோ' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

கடையில் நிறுத்து வாங்கிய 1 கிலோ வேறு, வெட்டி எடுத்த துண்டு 1 கிலோ வேறு. கொட்டை முற்றிய நாட்டு மாங்காயைக் கொட்டையும் ஓடும் போகத் துண்டு போட்டால் கிலோவுக்கு 700, 750 கிராம்தான் தேறும். ஓட்டோடு சேர்த்து வெட்டுகிறவர்களுக்குப் பருப்பும், உள்ளே காகிதம் மாதிரி இருக்கிற தோலும்தான் கழியும். அதனால் அவர்கள் சொல்கிற 'ஒரு கிலோ'வில் ஊறுகாயாகிற பொருள் அதிகம். ஓட்டோடு வெட்டுகிறவர் சொன்ன உப்பை நீங்கள் கொட்டை நீக்கிய துண்டுக்குப் போட்டால் கரிக்கும். அதனால் வெட்டி முடித்த பிறகு இன்னொரு முறை தராசில் வையுங்கள். எல்லாக் கணக்கும் அந்த எடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உப்பு ஏன் கறாராக இருக்க வேண்டும் என்றால், ஊறுகாயைக் கெடாமல் வைப்பதில் பெரும்பங்கு உப்புக்கும் மாங்காயின் புளிப்புக்கும்தான். பச்சை மாங்காயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர். நாம் போடுகிற உப்பு எண்ணெயில் கரையாது, இந்தத் தண்ணீரில்தான் கரையும். அதனால் ஊறுகாயின் மொத்த எடையில் உப்பு எத்தனை சதவீதம் என்று பார்ப்பதை விட, உள்ளே இருக்கிற தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பதுதான் சரி. துண்டு 1 கிலோவில் சுமார் 860 கிராம் தண்ணீர். அதில் 150 கிராம் உப்பு கரைந்தால் அந்த உப்புநீரில் உப்பு கிட்டத்தட்ட 15 சதவீதம். வெயிலில் வாட்டி அந்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால், அதே 150 கிராம் உப்பு 20 சதவீதமாக ஏறிவிடும். இந்த நிலையில் புளிக்கவைக்கிற நுண்ணுயிர்கள் பெருகுவது ரொம்பச் சிரமம். வாட்டாமல் போடுகிறவர்களை 180 போடச் சொல்வது இதனால்தான். வெயில் செய்கிற வேலையில் ஒரு பகுதியை அங்கே உப்பு செய்ய வேண்டியிருக்கிறது.

உப்பையும் நிறுத்துத்தான் போட வேண்டும். தூத்துக்குடிக் கல் உப்பு நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது, நல்ல உப்பு. ஆனால் சாக்கிலிருந்து அள்ளுகிற உப்பில் ஈரம் இருக்கும். கையில் எடுத்தால் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் ஒரு பகல் வெயிலில் பரப்பி வையுங்கள், அல்லது வெறும் சட்டியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து ஆறவிடுங்கள். அப்புறம் நிறுங்கள். இல்லையென்றால் உப்பு என்று நினைத்துக்கொண்டு தண்ணீரையும் சேர்த்து நிறுத்திருப்பீர்கள். டம்ளர் கணக்கு இன்னும் மோசம். கல் உப்புக்கு நடுவில் இடைவெளி இருக்கும், தூள் உப்பு நெருக்கமாக அடையும். ஒரே டம்ளரில் தூள் உப்பின் எடை கூடும். தூள் உப்புக்குச் சொன்ன டம்ளர் கணக்கில் கல் உப்பைப் போட்டால் உப்பு குறைந்துபோகும். அயோடின் உப்பு போட்டால் துண்டு கொழகொழத்துவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. இரண்டையும் போட்டுப் பார்த்ததில், உப்புநீர் கொஞ்சம் கலங்கலாக இருந்ததைத் தவிர எனக்கு வேறு வித்தியாசம் தெரியவில்லை. துண்டு கொழகொழப்பதற்கு அதை விடப் பெரிய காரணம், பழுக்கத் தொடங்கிய காய்.

உப்பைக் குறைத்து நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் ஒரு வீட்டில் 'உப்பு ரொம்ப வேண்டாம்' என்று கேட்டார்கள் என்பதற்காக 4 கிலோ துண்டுக்கு 400 கிராம் மட்டும் போட்டேன். அந்த வாரம் மேகமாக இருந்ததால் வாட்டவும் இல்லை. எண்ணெய்க்குக் குறை வைக்கவில்லை, இரண்டு விரல் உயரம் நின்றது. மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தபோது சோடா திறந்த மாதிரி 'புஸ்' என்று சத்தம். கரண்டியை விட்டால் அடியிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. மோந்தால் மாங்காய் வாசனையோடு பழைய கள் மாதிரி ஒரு புளித்த வாடை. அத்தனையையும் கொட்டினேன். எண்ணெய் காற்றைத் தடுக்கும், அதனால் மேலே பூசணம் பிடிக்காது. ஆனால் உள்ளே புளிக்கவைக்கிற ஈஸ்டுக்குக் காற்றே வேண்டாம். அதைத் தடுக்க எண்ணெயால் முடியாது, உப்பால்தான் முடியும் என்பது அந்த நாலு கிலோவில் எனக்கு உறைத்தது.

வத்தல் பொடிக்கு வருகிறேன். கிலோவுக்கு 100 கிராம் என்பது நம் பக்கத்து நாக்குக்கு நடுத்தரமான காரம். 80 போட்டாலும் ஊறுகாய் கெடாது. 120 போடுகிற வீடுகளும் இருக்கின்றன. வத்தல் பொடி கூடப் போட்டால் ரொம்ப நாள் நிற்கும் என்ற பேச்சை நம்பி உப்பைக் குறைக்காதீர்கள். வத்தலுக்கு அப்படி ஒரு குணம் கொஞ்சம் இருந்தாலும், உப்புக்கு ஈடாக நிற்கிற அளவு இல்லை. சம்பா வத்தல் என்றால் காரமும் நிறமும் அளவாக வரும். குண்டு வத்தலில் சதை அதிகம், நிறம் நன்றாக இருக்கும். நான் இரண்டும் பாதிப் பாதி வாங்கி, நன்றாகக் காயவைத்து, காம்பைக் கிள்ளிவிட்டு மில்லில் கொடுத்து அரைப்பேன்.

இங்கே நம் ஊரில் அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று உண்டு. 'மிளகாய்த்தூள்' என்று வீட்டு டப்பாவில் இருப்பது பல நேரம் குழம்புக்கு அரைத்த தூள். அதில் மல்லி இருக்கும், சிலர் பருப்பும் அரிசியும்கூடச் சேர்த்திருப்பார்கள். அதை ஊறுகாயில் போட்டால் தண்ணீரை இழுத்துக்கொண்டு களி மாதிரி ஆகும், பூசணத்துக்கும் நல்ல தீனி. ஊறுகாய்க்கு வத்தல் மட்டும் அரைத்த பொடிதான் வேண்டும். மில்லில் உங்களுக்கு முன்னால் மல்லியோ மாவோ அரைத்திருந்தால், முதலில் வருகிற ஒரு கைப்பிடிப் பொடியைத் தனியே எடுத்து வைத்துக் குழம்புக்குப் பயன்படுத்துங்கள்.

எண்ணெயில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 300 மில்லி ஊற்றிக் கிளறி, மேலே எண்ணெய் பளபளவென்று நிற்பதைப் பார்த்துத் திருப்தியாக மூடிவிடுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் எண்ணெயைக் காணோம். வத்தல் பொடியும் கடுகுப் பொடியும் வெந்தயப் பொடியும் ராத்திரியில் குடித்துவிடும். துண்டுகள் மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தலை நீட்டின துண்டில்தான் முதல் வெள்ளை பூக்கும். அதனால் எண்ணெயை இரண்டு தவணையாக ஊற்றுங்கள். கிளறும்போது மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு நாள் கழித்து மீதி. அந்த மீதியை ஊற்றிய பிறகு துண்டுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டராவது எண்ணெய் நிற்க வேண்டும். கடையில் விற்கிற எண்ணெய் ஊறுகாய்க்கு, மேலே குறைந்தது அரை சென்டிமீட்டர் எண்ணெய் நிற்க வேண்டும், அல்லது ஊறுகாயில் 10 சதவீதம் எண்ணெய் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அது மூடி முத்திரை வைத்து விற்கிற பாட்டிலுக்கு. நாம் அடிக்கடி திறந்து அள்ளுகிறோம், அதனால் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அந்த ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவு எண்ணெய் என்பது மாங்காயின் எடையைப் பொறுத்ததே இல்லை, ஜாடியின் அகலத்தைப் பொறுத்தது. உள்ளே 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஜாடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 175 மில்லிக்கு மேல் வேண்டும். 9 சென்டிமீட்டர் அகலமுள்ள உயரமான பாட்டிலில் 65 மில்லி போதும். ஒரு கிலோ ஊறுகாயை அகலமான டப்பாவில் போட்டுவிட்டு, 300 மில்லி பற்றவில்லை, கணக்குத் தப்பு என்று என்னிடமே வந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சமாகப் போடுகிறவர்கள் அகலம் குறைந்த, உயரமான கண்ணாடி பாட்டிலோ ஜாடியோ எடுத்தால் எண்ணெயும் மிச்சம், ஊறுகாயும் பத்திரம்.

நல்லெண்ணெயைத்தான் சொல்வேன். எள்ளெண்ணெய்க்கு இயல்பிலேயே சீக்கிரம் சிக்கு வாடை வராது, அதைத் தடுக்கிற பொருள்கள் எள்ளிலேயே இருக்கின்றன. கடலை எண்ணெயிலும் போடலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். எண்ணெயை நன்றாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துக் கடுகும் பெருங்காயமும் போட்டு, விரல் வைத்தால் வெதுவெதுப்பு தெரிகிற அளவுக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பொடி நுரைத்துக் கருகிக் கறுத்துவிடும், கசப்பும் ஏறும். அப்புறம் அதை ஒன்றும் செய்ய முடியாது.

போன சித்திரையில் நான் போட்ட ஒரு ஈட்டை அப்படியே சொல்கிறேன், உங்களுக்குக் கணக்குப் பிடிபடும். புளிப்பான நாட்டு மாங்காய் 3 கிலோ. கழுவி, ஒவ்வொரு காயையும் துணியால் துடைத்து, நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டேன். காம்புப் பள்ளத்தில் தண்ணீர் தங்கும், அங்கே துணியின் முனையை விட்டுத் துடைக்க வேண்டும். கொட்டையும் ஓடும் அடிபட்ட இடமும் போக, துண்டு 2 கிலோ 200 கிராம். உப்பு 330 கிராம், மஞ்சள்பொடி இரண்டு தேக்கரண்டி. ஜாடியில் ஒரு அடுக்கு துண்டு, ஒரு பிடி உப்பு என்று போட்டு, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி மூன்று நாள் வைத்தேன். காலையிலும் சாயந்திரமும் ஒரு குலுக்கு. முதல் நாள் ராத்திரியே தண்ணீர் விட்டுக்கொள்ளும், மூன்றாம் நாள் துண்டுகள் அதில் மிதக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், போட்ட உப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

நான்காம் நாள் துண்டுகளைத் தாம்பாளத்தில் பரப்பியும், உப்புநீரை அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றியும் மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். அந்தி சாயும் முன்னால் துண்டுகளை மறுபடி உப்புநீரிலேயே போட்டுவிடுவேன். இப்படி மூன்று பகல். துண்டின் ஓரம் சுருங்கி, தோல் பக்கம் கையில் வழுக்காமல் தோல் பை மாதிரி இருந்தால் போதும், வத்தலாக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் துண்டும் உப்பும் சேர்ந்து 2 கிலோ 530 கிராம். மூன்றாம் பகல் வெயில் முடிந்த சாயந்திரம் துண்டும் உப்புநீரும் சேர்ந்து 1 கிலோ 900 கிராம். உப்பு எங்கேயும் போகவில்லை, குறைந்த 630 கிராமும் தண்ணீர். இந்த எடைதான் வாட்டியது போதுமா என்று எனக்குச் சொல்கிற அடையாளம். தொடக்க எடையில் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிறுத்திவிடுவேன்.

அப்புறம் வத்தல் பொடி 220 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயம் 30 கிராம், லேசாகச் சூடு காட்டிப் பொடித்த கடுகு 40 கிராம். இவற்றைத் துண்டிலும் உப்புநீரிலும் போட்டுக் காய்ந்த மரக்கரண்டியால் பிரட்டி, ஆறிய எண்ணெய் 450 மில்லி ஊற்றிக் கிளறினேன். இரண்டு நாள் கழித்து இன்னும் 210 மில்லி. மொத்தம் 660, அதாவது துண்டு கிலோவுக்கு 300. என் ஜாடி உள்ளே 13 சென்டிமீட்டர் அகலம், அதில் ஒரு விரல் உயரம் எண்ணெய் நின்றது. இதே 3 கிலோவுக்கு, வாங்கிய எடையை வைத்து உப்புப் போட்டிருந்தால் 450 கிராம் ஆகியிருக்கும். துண்டு கிலோவுக்கு 200 தாண்டிவிடும். கெட்டுப்போகாது, ஆனால் வாயில் வைக்க முடியாது.

உங்களுடைய போன வருஷத்து ஊறுகாயை நான் பார்க்கவில்லை, அதனால் இன்னதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தென்காசிப் பக்கம் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது காற்று. ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் காற்று வரும். குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால் வீட்டுக்குள் தீப்பெட்டி கூட நமத்துப்போகும். பாளையங்கோட்டையில் அதே நாளில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அதனால் இங்கே எண்ணெய் இறங்கியிருந்தாலும் சில நேரம் தப்பித்துக்கொள்ளலாம், அங்கே முடியாது. சித்திரையிலேயே வாட்டி முடித்து, வைகாசிக்குள் எண்ணெய் மட்டத்தைச் சரிபார்த்துவிடுங்கள். ஆனி, ஆடியில் பெரிய ஜாடியைத் திறக்காமல், முன்பே ஒரு மாதத்துக்கு வேண்டியதைச் சின்ன பாட்டிலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு பெரிய ஜாடியில் எண்ணெய் கீழே போயிருந்தால், சூடாக்கி ஆறவைத்த எண்ணெயை மேலே ஊற்றி மட்டத்தைக் கூட்டுங்கள்.

மேலே வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூசணம் இல்லை. வாட்டிய துண்டில் சில நேரம் உப்பே பூத்து நிற்கும். அந்தத் துண்டை வெந்நீரில் போடுங்கள். உப்பு என்றால் கரைந்து மறைந்துவிடும். கரையாமல் ஏடு மாதிரி மிதந்தால் அது உப்பு இல்லை. பஞ்சு மாதிரி எழும்பியிருந்தாலோ, பச்சையோ கறுப்போ தெரிந்தாலோ, மேலே இருப்பதை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், முழுதையும் கொட்டிவிடுங்கள். குமிழும் கள் வாடையும் வந்தாலும் அப்படித்தான்.

இந்தக் கணக்கு புளிப்பான நாட்டு மாங்காய்க்கு. கிளிமூக்கில் புளிப்புக் குறைவு. அதை ஒரு வருஷ ஊறுகாய்க்கு நான் எடுப்பதில்லை. கிடைத்தது அதுதான் என்றால் வாட்டியே போடுங்கள், உப்பும் 170 இருக்கட்டும். பூண்டு சேர்க்கிறவர்கள், அதை உரித்ததும் நேராக எண்ணெயில் போடாமல் மாங்காய் உப்புநீரில் இரண்டு நாள் ஊறவிட்டுச் சேருங்கள். பூண்டில் புளிப்பு இல்லை, எண்ணெய்க்குள் அது தனியாக இருப்பது ஆபத்து. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்க வேண்டிய வீடு என்றால் இந்த ஊறுகாயே வேண்டாம். கால் கிலோ துண்டுக்கு 20 கிராம் உப்பு போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு வாரத்தில் முடித்துவிடுகிற மாதிரி அவ்வப்போது செய்துகொள்ளுங்கள். அதுவும் எவ்வளவு சாப்பிடலாம் என்று உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு.

எண்ணெய் ஊற்றிய முதல் வாரத்தில் ருசி பார்த்தால் உப்பு கரிக்கும், காரம் தனியாகத் தொண்டையில் ஏறும், துண்டு மட்டும் புளிக்கும். அதைப் பார்த்து வெல்லமோ இன்னும் கொஞ்சம் மாங்காயோ சேர்த்துவிடாதீர்கள். 15 நாள் கழித்து ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். ஓரத்திலும் நடுவிலும் நிறம் ஒன்றாக இருந்தால் பழைய சோற்றுக்கு எடுத்து வைத்துவிடலாம்.